பத்துப் பக்கம், எட்டு பில்: ஸ்கேன் கோப்பை எங்கே வெட்டுவது?

பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டக் கந்தோரை மனதில் வைத்துக்கொள்வோம். மாதம் முடிந்ததும் கிளாக்கர் அந்த மாதத்துப் பில்களைக் கட்டாக எடுத்து ஸ்கேனரின் வாயில் வைக்கிறார். பசளை பில், ஹாட்வெயார் கடை பில், டீசல் துண்டு, கராஜ் பில், மின்சாரப் பட்டியல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய், ஒரே PDF கோப்பாகக் கொழும்புக்குப் போகின்றன. 1992இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறிய பிறகு, ஊவாத் தோட்டங்கள் பலவற்றின் கணக்கு தலைமையகத்தில்தான் முடிவாகிறது. அங்கே ஒரு மென்பொருள் அந்தக் கோப்பைத் திறந்து, விற்றவர் பெயர், பில் இலக்கம், திகதி, தொகை, வரி ஆகியவற்றை எடுத்துக் கணக்கில் ஏற்ற வேண்டும்.

அந்த மென்பொருளின் கண்ணுக்கு அந்தக் கோப்பில் இருப்பவை வெறும் பக்கங்கள்தான். எந்தப் பக்கத்தோடு ஒரு பில் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று கோப்பில் எங்கும் எழுதியில்லை. அதைக் கண்டுபிடித்து வெட்டிக் கொடுத்த பிறகே தரவு எடுக்கும் வேலை தொடங்க முடியும். எழுத்தை வாசிப்பதைவிடச் சிக்கலான வேலை இது.

ஒரு மாதிரிக் கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவோம். எல்லாம் நான் கோத்துவைத்த உதாரணம். ஆனால் இப்படிப்பட்ட கட்டுகள் எந்தக் கந்தோரிலும் இருக்கும்.

முதல் இரண்டு பக்கங்கள் பசளைக் கம்பனியின் வரி விலைப்பட்டியல். கணினியில் அச்சடித்தது, இரண்டு பக்கத்தின் தலையிலும் TAX INVOICE என்ற அதே தலைப்பு, அடியில் Page 1 of 2, Page 2 of 2. மூன்றாவது பக்கம் லொறியோடு வந்த சரக்கு ஒப்படைப்புச் சீட்டு. அது தனிப் பில் அல்ல, முந்தைய பில்லோடு சேர வேண்டிய இணைப்பு. நான்காவதும் ஐந்தாவதும் பதுளை நகரத்து ஹாட்வெயார் கடை ஒன்றின் பில் புத்தகத்திலிருந்து கிழித்த கார்பன் பிரதிகள்: சிங்களத்தில் கடைப் பெயர், கையெழுத்தில் சாமான் விபரம், 2417, 2418 என்று அடுத்தடுத்த இலக்கங்கள். முதலாவதின் தொகை 12,300 ரூபாய், அடுத்ததன் தொகை 8,750 ரூபாய். ஆறாவது பக்கம் வெறுமை. ஸ்கேனர் இரு பக்கமும் எடுத்து, வெறுமையான முதுகுகளைத் தானே நீக்கும்படி வைக்கப்பட்டிருந்தது; ஐந்தாவதின் முதுகுப்புறத்தில் மை கசிந்த நிழல் தெரிவதால் அது மட்டும் நீங்காமல் தங்கிவிட்டது. ஏழாவது, ஒரு A4 தாளில் ஒட்டிய மூன்று பெற்றோல் ஷெட் துண்டுகள். எட்டும் ஒன்பதும் கராஜ் பில். ஒன்பதாவது தலைகீழாகப் போயிருக்கிறது. பத்தாவது மின்சாரப் பட்டியல்.

மனிதக் கண்ணுக்கு இது ஒரு நிமிட வேலை. பசளைக்கு ஒன்று, ஹாட்வெயாருக்கு இரண்டு, டீசலுக்கு மூன்று, கராஜுக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று என்று எட்டு பில். மென்பொருளுக்கோ பத்துப் பக்கத்துக்கு இடையில் ஒன்பது இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் வெட்டலாம், வெட்டாமல் விடலாம். அதாவது இந்தச் சின்னக் கோப்பை வெட்ட 512 வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் சரி. அதிலும் ஏழாவது பக்கத்தை அந்த 512 வழிகளில் எதுவும் தீர்க்காது, ஏனென்றால் அங்கே வெட்டு பக்கத்துக்குள்ளேயே விழ வேண்டும்.

முதலில் எல்லோரும் எழுதிப் பார்க்கும் விதி எளிமையானது: பக்கத்தில் ‘இன்வொய்ஸ்’ என்ற சொல் இருந்தால் அது புதுப் பில்லின் தொடக்கம், இல்லாவிட்டால் முந்தையதன் தொடர்ச்சி. இந்த விதியை நம் கோப்பில் ஓட்டிப் பார்க்கலாம். முதல் பக்கத்தில் சொல் இருக்கிறது. இரண்டாவதிலும் தலைப்பு திரும்ப வருவதால் அங்கேயும் வெட்டு. மூன்றாவது ஒப்படைப்புச் சீட்டில், எந்தப் பில்லுக்குரிய சரக்கு என்று காட்ட Invoice No என்று ஒரு கட்டம் இருக்கிறது, அங்கேயும் வெட்டு. ஹாட்வெயார் பில்லில் CASH BILL என்றுதான் அச்சடித்திருக்கிறது, ஆகவே அவை இரண்டும் ஒப்படைப்புச் சீட்டின் வாலாக ஒட்டிக்கொள்கின்றன. வெறும் பக்கமும் டீசல் துண்டுகளும் அதே வாலில். கராஜ் பில்லில் சொல் இருப்பதால் எட்டில் வெட்டு விழுகிறது. தலைகீழாக நிற்கும் ஒன்பதாவதில் எதுவும் வாசிக்கப்படாததால், தற்செயலாகச் சரியான இடத்தில் சேர்கிறது. மின்சாரப் பட்டியலில் அந்தச் சொல் இல்லை, அதுவும் கராஜோடு போகிறது. கையில் கிடைப்பது நான்கு ஆவணம். உள்ளபடியான எட்டில் ஒன்றுகூட முழுமையாகத் தேறவில்லை.

ஊவாவில் இந்தச் சொல்விதிக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. தேயிலை வியாபாரத்தில் ‘இன்வொய்ஸ்’ என்றால் கடைப் பில் மட்டுமல்ல. தோட்டத்துத் தொழிற்சாலையில் ஒரே தரத்தில் சேர்த்துக் கட்டிக் கொழும்பு ஏலத்துக்கு அனுப்பும் தேயிலைத் தொகுதிக்கும் அதே பெயர்தான். 1883இல் தொடங்கிய அந்த ஏலத்தின் தாள்களில் இப்படிப் பல தொகுதிகளின் இன்வொய்ஸ் இலக்கங்கள் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். அப்படியொரு தாள் தவறிப் பில் கட்டுக்குள் வந்துவிட்டால், இலக்கம் மாறினால் வெட்டு என்று சொல்லிவைத்த மென்பொருள் திணறிப்போகும்.

ஆகவே ஒரு பக்கத்தைத் தனியாகப் பார்த்து முடிவு செய்வதைக் கைவிட வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பக்கமும் முந்தைய பக்கமும் ஒரே பில்லைச் சேர்ந்தவையா என்பதுதான். அதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் நிமிர்த்தி வாசிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் டெசரக்ட் என்ற எழுத்துணரியைக் கொண்டே இதைச் செய்யலாம். முதல் கட்டளை பக்கம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். அதன்படி படத்தைத் திருப்பிய பிறகு, இரண்டாவது கட்டளை சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் எதிர்பார்த்து வாசிக்கும்.

```
tesseract p09.png stdout --psm 0
tesseract p09.png p09 -l sin+tam+eng
```

அச்செழுத்தை இது நன்றாக வாசிக்கும். ஹாட்வெயார்க் கடைக்காரர் கார்பன் தாளில் அழுத்தி எழுதிய கையெழுத்தில் பெரும்பாலும் தோற்கும். பரவாயில்லை, எல்லையைக் கண்டுபிடிக்க முழு எழுத்தும் தேவையில்லை, சில அடையாளங்கள் போதும்.

அவற்றில் பலமானது விற்றவரின் வரி இலக்கம். இலங்கையில் வற் வரிக்குப் பதிவு செய்தவரின் இலக்கம் ஒன்பது இலக்கமும் அதன்பின் -7000 என்ற வாலுமாக வரும். எண்வடிவம் நிலையாக இருப்பதால் எழுத்துணரியின் வெளியீட்டில் அதைத் தேடிப் பிடிப்பது சுலபம். அடுத்தடுத்த பக்கங்களில் அந்த இலக்கம் மாறினால் அங்கே எல்லை இருக்கிறது என்று ஏறத்தாழத் துணிந்து சொல்லலாம். ஆனால் ஒரு பொறி உண்டு. வரி விலைப்பட்டியலில் விற்றவரின் இலக்கத்தோடு வாங்கியவரின் இலக்கமும் இருக்க வேண்டும். வாங்கியவர் எப்போதும் அதே தோட்டக் கம்பனிதான். அதன் இலக்கம் பசளைப் பில்லிலும் கராஜ் பில்லிலும் ஒரே மாதிரி நிற்கும். இரண்டு பக்கத்திலும் பொதுவாக ஓர் இலக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மென்பொருள், கட்டில் உள்ள எல்லா வரிப் பில்களையும் ஒன்றாக ஒட்டிவிடும். சொந்த இலக்கத்தை முதலில் கழித்துவிட வேண்டும். பலர் தவறவிடும் படி இது.

விற்றவர் ஒருவரே என்றால் அடுத்த அடையாளம் பில் இலக்கம். ஹாட்வெயார்க் கடையின் இரண்டு பில்களும் தோற்றத்தில் அச்சு அசல் ஒன்று. படத்தை மட்டும் ஒப்பிடும் முறை அவற்றை ஒரே பில்லின் இரு பக்கங்கள் என்றே சொல்லும். காப்பாற்றுவது மூலையில் சிவப்பில் அச்சிட்ட 2417, 2418 என்ற இலக்கங்கள்தான். அச்செழுத்து என்பதால் கையெழுத்து புரியாவிட்டாலும் இது புரியும். அதுவும் மங்கியிருந்தால், இரு பக்கத்திலும் அடியில் தனித்தனியே மொத்தமும் கையொப்பமும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஒருமுறை கூட்டி முடித்துக் கையொப்பம் போட்ட பிறகு அதே பில் தொடர்வது அபூர்வம்.

கராஜ் பில்லில் இதற்கு எதிரான அடையாளம் இருக்கிறது. எட்டாவது பக்கத்தின் அடியில் C/F 86,450.00 என்றும் ஒன்பதாவதின் தலையில் B/F 86,450.00 என்றும் எழுதியிருக்கிறது. ஒரே தொகை கீழே போய் மேலே வந்தால் அந்த இரண்டு பக்கமும் பிரியக்கூடாது. கணக்கெழுதும் பழைய வழக்கம் மென்பொருளுக்குப் பக்க இலக்கத்தைவிட நல்ல சாட்சியாக அமைகிறது.

இந்த அடையாளங்களை விதிகளாக எழுதலாம், அல்லது மனிதர் வெட்டிக்கொடுத்த ஏராளமான கோப்புகளைக் காட்டி மென்பொருளைப் பழக்கலாம். ஆய்வுலகில் பழக்குவதற்கான கோப்புகள் வந்த வழி சுவையானது. அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகள் வழக்குகளின் விளைவாகவும் 1998இல் செய்த உடன்படிக்கையின் விளைவாகவும் தங்கள் உள்ளகக் கடிதங்களையும் பில்களையும் பொதுவில் வைக்க நேர்ந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் அவற்றைப் பாதுகாக்கிறது. எந்தப் பக்கம் எந்த ஆவணத்துக்குரியது என்று அங்கே ஏற்கெனவே தெரியும் என்பதால், கலைத்துச் சேர்த்துவிட்டு மென்பொருளைப் பிரிக்கச் சொல்லிப் பரீட்சிக்கலாம். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீடமானும் ஹையரும் 2018இல் இந்தத் துறையில் வெளியிட்ட கட்டுரை முக்கியமானது. எழுத்தை மட்டும் பார்ப்பதையும் படத்தை மட்டும் பார்ப்பதையும்விட, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நரம்பு வலையமைப்பு நன்றாக வெட்டுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். நம் கோப்பிலும் அதன் காரணம் தெரிகிறது: ஹாட்வெயார் பில்களைப் பிரிக்க எழுத்து வேண்டும், வாசிக்க முடியாத பக்கத்தில் படம்தான் கதி.

இந்த ஆய்வுகளில் சொல்லப்படும் சரித்தன்மை வீதத்தை அப்படியே நம்பி வாங்கிவிடக் கூடாது. ஒரு மென்பொருள் ஒவ்வோர் இடைவெளியிலும் 95 வீதம் சரியாக முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அழகாக இருக்கிறது. நாற்பது பக்கக் கோப்பில் 39 இடைவெளிகள். ஒவ்வொரு முடிவும் மற்றதைச் சாராதது என்று கொண்டால், 39உம் சரியாக அமையும் வாய்ப்பு 0.95ஐ 39 தடவை பெருக்கினால் வருவது. அது ஏறத்தாழ 14 வீதம்தான். நூறு கோப்பில் ஏறத்தாழ எண்பத்தாறில் எங்கோ ஓரிடத்தில் பிழை இருக்கும். அதனால்தான் 2022இல் ஓர் ஆய்வுக்குழு வேறோர் அளவுகோலைக் கொண்டுவந்தது: மென்பொருள் வெட்டியதைச் சரியாக்க, ஒருவர் திரையில் குறைந்தது எத்தனை பக்கங்களை இழுத்து இடம் மாற்ற வேண்டும்? மென்பொருள் விற்க வருபவரிடம் கணக்குப் பிரிவு கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பிழைகள் எல்லாம் ஒரே எடையும் அல்ல. ஹாட்வெயாரின் இரு பில்களும் ஒட்டிப்போனால் என்ன நடக்கும்? தரவு எடுக்கும் மென்பொருள் ஓர் ஆவணத்துக்கு ஓர் இலக்கம், ஒரு தொகை என்று தேடும். தலையிலிருந்து 2417 என்ற இலக்கத்தையும் கடைசியிலிருந்து 8,750 என்ற தொகையையும் எடுக்கும். எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. 12,300 ரூபாய் பில் ஒன்று சத்தமில்லாமல் மறைந்துபோகும். கடைக்காரர் மூன்று மாதம் கழித்துப் பணம் கேட்டு வரும்போதுதான் தெரியவரும். அது வரிப் பில்லாக இருந்தால், 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ள வற் வரியில் திரும்பக் கோரக்கூடிய பங்கும் சேர்ந்து போகும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் அட்டவணையில் ஒவ்வொரு பில்லுக்கும் தனி வரி வேண்டும். மென்பொருளுக்குத் தெரியாத பில்லுக்கு வரி ஏது?

மாறாகக் கராஜ் பில் நடுவில் வெட்டுப்பட்டால் என்ன ஆகிறது? எட்டாவது பக்கத்தில் இலக்கம் இருக்கும், மொத்தம் இராது. ஒன்பதாவதில் மொத்தம் இருக்கும், இலக்கம் இராது. அந்தப் பக்கத்திலுள்ள சாமான்களின் கூட்டு 13,550 ரூபாய்; அதற்கு 18 வீதம் 2,439 ரூபாய். ஆனால் பில்லில் வரி 18,000 என்றும் மொத்தம் 118,000 என்றும் இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து வந்த 86,450ஐச் சேர்த்தால்தான் அடிப்படைத் தொகை சரியாக ஒரு இலட்சம் ஆகும். ஆக, கணக்கு ஒத்துவராமல் இரண்டு துண்டும் தாமாகவே குரல் கொடுக்கும். யாராவது திறந்து பார்த்து ஒட்டிவிடலாம்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை எளிது. பழக்கிய மென்பொருள் ஒவ்வோர் இடைவெளிக்கும் இங்கே எல்லை இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 1 வரை ஓர் எண் கொடுக்கும். வழக்கமாக 0.5க்கு மேல் போனால் வெட்டுவார்கள். பில் கட்டுகளுக்கு அந்தக் கோட்டை 0.3 அளவுக்கு இறக்கிவைப்பதே புத்தி என்பது என் கட்சி. சந்தேகம் வந்தால் வெட்டு. வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் இலக்கம், மொத்தம், வரிக்கணக்கு மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார். பொருந்தாததை மனிதரிடம் அனுப்பு. சரியான துண்டு எது என்று முடிவானால், வெட்டும் செயல் ஒரு வரிக் கட்டளை:

```
qpdf scan.pdf --pages . 1-3 -- bill01.pdf
```

இணைப்புத் தாளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ஒப்படைப்புச் சீட்டில் மொத்தமும் வரியும் இராது. ஆனால் அதிலுள்ள பில் இலக்கம் பசளைப் பில்லின் இலக்கத்தோடு ஒத்துப்போகிறது. அதை வைத்து வெட்டிய பிறகும் சேர்த்துவிடலாம். ஒட்டிய டீசல் துண்டுகளுக்கும் தனி வழி வேண்டும். பக்கத்தை எடுக்கும் முன் அதற்குள் உள்ள செவ்வகங்களைத் தேட வேண்டும். வெள்ளைத் தாளில் வெள்ளைத் துண்டை ஒட்டினால் விளிம்பே தெரியாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் கீழே உள்ளதன் தொகை மறைந்துவிடும். நிறத்தாளில், விரல் அகல இடைவெளி விட்டு ஒட்டினால் எளிய மென்பொருளே பிரித்துவிடும். அந்தத் துண்டுகள் வெப்ப அச்சில் வருபவை. வைத்திருக்க வைத்திருக்க எழுத்து மங்கும் என்பதால் மாதமுடிவுவரை காத்திராமல் வந்த அன்றே ஸ்கேன் பண்ணுவது நல்லது.

இத்தனையும் படித்துவிட்டு, கட்டிலேயே பிரித்து வைத்தால் என்ன என்று தோன்றும். தோன்ற வேண்டியதுதான். அதற்கு நெடுநாளாக ஒரு வழி இருக்கிறது. கொடாக் நிறுவனம் ஸ்கேனர்களுக்காக உருவாக்கிய பட்டைக்குறித் தாள்கள் அவை: நான்கு கறுப்புப் பட்டைகள், சில தடித்தவை, சில மெல்லியவை. அவற்றில் T என்ற வகை, இங்கே ஓர் ஆவணம் முடிந்தது என்று சொல்வதற்கு வழக்கமாகப் பயன்படுகிறது. தாள் உள்ளே போனதும் ஸ்கேனரோ அதன் மென்பொருளோ பட்டையைக் கண்டு, அந்த இடத்தில் கோப்பை முடித்துப் புதிய கோப்பைத் தொடங்கும். மொழியும் கையெழுத்தும் அங்கே பொருட்டல்ல.

சிலர் பட்டைத் தாளுக்குப் பதிலாக வெற்றுத் தாளைச் செருகுவார்கள். தோட்டத்துப் பில்லுக்கு அது ஆகாது. நம் ஆறாவது பக்கத்தை நினைத்துப் பாருங்கள். இருபக்க ஸ்கேனில் ஒவ்வொரு பில்லின் முதுகும் வெற்றுத் தாள் போலத்தான் தெரியும். இரண்டு பக்கப் பில்லின் நடுவிலும் வெட்டு விழுந்துவிடும். அதேவேளை மெல்லிய கார்பன் பிரதியில் மை கசிந்த முதுகு வெற்றுத் தாளாகவே தெரியாது. இரண்டு பக்கமும் பிழைதான்.

நம் மாதிரிக் கட்டில் தாள் கணக்கில் ஆறு தொகுதிகள். இடையில் ஐந்து பட்டைத் தாள் செருகினால் போதும். கொழும்பில் எவ்வளவு கெட்டிக்கார மென்பொருள் இருந்தாலும், அந்த ஐந்து இடத்தில் அதைவிட நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் பில்லைக் கையில் வைத்திருக்கும் கிளாக்கர்தான். பழைய கோப்புகள், வெளியிலிருந்து மின்னஞ்சலில் வரும் கட்டுகள் ஆகியவற்றுக்கு மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். இனி ஸ்கேன் பண்ணப்போகும் கட்டுகளுக்கு, பட்டைத் தாளை ஐம்பது பிரதி அடித்து ஸ்கேனர் பக்கத்தில் வையுங்கள். வெளியே வந்ததும் எடுத்து அடுத்த மாதமும் பாவிக்கலாம். மடங்கிக் கசங்கியதை மட்டும் மாற்றினால் போதும்.